நோன்பு திறக்கும் தட்டு: சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தபின் முதன்முறையாக ரமலான் நோன்பு வைக்கப்போகிறவர்களுக்கும், அப்படி ஒருவருக்காக நோன்பு திறக்கும் தட்டைத் தயார் செய்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பகல் முழுவதும் பசியோடு இருப்பதுதான் ஆபத்து, பாங்கு சொல்லிவிட்டால் கவலை தீர்ந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பாங்கு சொன்ன அந்த அரை மணி நேரத்தில்தான் சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறுகிறது. பேரீச்சம்பழம், வெல்லத் தண்ணீர், கஞ்சி, சமோசா, வடை எல்லாம் ஒரே மூச்சில் வயிற்றுக்குள் போகின்றன.

தட்டைக் குறை சொல்வது என் நோக்கமன்று. பேரீச்சம்பழத்தில் நோன்பு திறப்பது நபிவழி. நோன்புக் கஞ்சி நம் ஊர்களின் பெருமை. எதை, எந்த அளவில், எந்த வரிசையில் சாப்பிடுவது என்பதை நாக்கும் வழக்கமும் முடிவு செய்யாமல், குளுக்கோமீட்டர் காட்டும் எண் முடிவு செய்யட்டும் என்பதே நான் சொல்ல வருவது.

முதலில் ஒரு நிபந்தனை. டைப் 1 சர்க்கரை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரகம் பழுதடைந்தவர்கள், அண்மையில் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுந்தவர்கள் ஆகியோருக்கு நோன்பின் ஆபத்து மிக அதிகம். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அதை ஏற்றுக்கொள்வது குறைபாடு ஆகாது. மற்றவர்கள் ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து, எந்த மாத்திரை எந்த நேரத்துக்கு மாறுகிறது, எதன் அளவு குறைகிறது என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பிறை தெரிந்த இரவில் போன் செய்து கேட்கிற விஷயம் இல்லை இது. 13 நாடுகளில் சர்க்கரை நோயாளிகளிடம் நடத்தி, 2004இல் வெளியான எபிடியார் ஆய்வில், டைப் 2 உள்ளவர்களுக்கு மருத்துவமனையில் சேர்க்குமளவு சர்க்கரை தாழ்வது ரமலானில் மற்ற மாதங்களைவிட ஏழு மடங்குக்கும் மேல் அதிகமாக இருந்தது.

தட்டில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது

ஒரு சாதாரண நோன்பு திறப்பை எடுத்துக்கொள்வோம். 58 வயதுக்காரர், மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சாப்பிடுகிறவர். அவர் முன்னால் பெரிய மெட்ஜூல் பேரீச்சம்பழம் மூன்று இருக்கின்றன. ஒன்று சுமார் 24 கிராம் எடை. அதில் மாவுச்சத்து, அதாவது சர்க்கரையாக மாறக்கூடிய பகுதி, ஏறக்குறைய 18 கிராம். மூன்றுக்கும் சேர்த்து 54. அடுத்து ஒரு பெரிய டம்ளர் வெல்லத் தண்ணீர். எலுமிச்சை அளவு வெல்லம், 30 கிராம் என்று வைத்தால், அதில் 28 கிராம் போல இருக்கும். ஒரு கிண்ணம் கஞ்சியில் 30 சொச்சம். இரண்டு வெங்காயச் சமோசாவில் 25, ஒரு பருப்பு வடையில் 12. கூட்டினால் 150 கிராம் வருகிறது.

பத்துப் பன்னிரண்டு இட்லியை ஒரே உட்காரலில் சாப்பிட்டதற்கு இது சமம். சர்க்கரை உள்ள எவரும் காலையில் அப்படிச் செய்யமாட்டார். இஃப்தாரில் எல்லாம் சின்னச் சின்னதாக இருப்பதால் கணக்கு கண்ணில் படுவதில்லை. நாலு பேர் ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும்போது, யார் எத்தனை வடை எடுத்தார்கள் என்பது அவரவருக்கே தெரியாது. ஆகவே சர்க்கரை உள்ளவருக்குத் தனியாக ஒரு சிறு தட்டு வேண்டும். சஹன் பக்கத்தில் உட்காரட்டும், உறவு கெட்டுவிடாது. அவர் பங்கு மட்டும் அவர் தட்டில் முன்கூட்டியே இருக்கட்டும்.

வெல்லத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி எல்லாம் உடம்புக்கு நல்லவை, வெள்ளைச் சர்க்கரைதான் கெட்டது என்ற நம்பிக்கை ஆழமாக வேரூன்றிவிட்டது. வெல்லத்தில் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். அதில் இருக்கும் இரும்புச்சத்து, ஒரு டம்ளர் அளவில் கணக்கில் எடுக்கத் தக்கதில்லை. அதையும் தண்ணீரில் கரைத்து, பட்டினி வயிற்றில் குடித்தால் தடுப்பதற்கு நாரோ கொழுப்போ இல்லை. நேராக ரத்தத்தில் ஏறிவிடும்.

பேரீச்சம்பழம் அவ்வளவு வேகமானதன்று. நார் இருப்பதால் மிதமான வேகத்தில்தான் ஏறும். அங்கே சிக்கல் அளவில் இருக்கிறது. கடையில் கிடைக்கும் சிறு பழம் 7, 8 கிராம்தான். அதில் மாவுச்சத்து 5, 6 கிராம். மெட்ஜூலில் அதைப்போல மூன்று மடங்கு. ‘மூன்று பழம்’ என்று மருத்துவரிடம் சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது. எந்தப் பழம் என்று சொல்ல வேண்டும். சில பாக்கெட் பழங்கள் பளபளப்புக்காகக் குளுக்கோஸ் பாகு பூசப்பட்டு வருகின்றன. உறையின் பின்பக்கம் சேர்மானப் பட்டியலில் பேரீச்சம்பழத்தைத் தவிர வேறு எதாவது எழுதியிருந்தால் அந்தப் பாக்கெட்டை வைத்துவிடுங்கள்.

பாங்குக்குக் கால் மணி நேரத்துக்கு முன்

குளுக்கோமீட்டரை எடுங்கள். விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே மார்க்க அறிஞர்களின் பொதுவான கருத்து. இதில் தயங்கி, மாதம் முழுவதும் பார்க்காமலே இருந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

இந்த நேரத்தில் ஒரு தவறு அடிக்கடி நடக்கும். பேரீச்சம்பழத்தின் கொட்டையை எடுத்து வைத்த கையோடு, அல்லது வெல்லம் கரைத்த கையோடு, மீட்டரை எடுப்பார்கள். விரலில் ஒட்டியிருக்கும் இனிப்பு ரத்தத்துளியோடு கலந்து, 110 இருக்கவேண்டிய இடத்தில் 200, 250 என்று காட்டும். உண்மையில் 65 இருக்கிறவருக்கு நல்ல எண் காட்டிவிட்டால் அது இன்னும் மோசம். கையைத் தண்ணீரில் கழுவி நன்றாகத் துடைத்து, காய்ந்தபின் குத்துங்கள். ஒளு செய்த ஈரத்தோடு குத்தினால் துளி நீர்த்துப்போய் எண் குறைவாக வரலாம்.

இப்போது எண்ணைப் பார்த்துத் தட்டை முடிவு செய்யுங்கள். நான் சொல்லும் எல்லைகள் பொதுவானவை. உங்கள் மருத்துவர் வேறு எண் கொடுத்திருந்தால் அதுவே சரி.

70க்குக் கீழே இருந்தால்

பாங்குக்கு எத்தனை நிமிடம் இருக்கிறது என்று கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. நோன்பை அப்போதே திறந்துவிட வேண்டும். மாலை ஐந்தரைக்கு 64 காட்டினால், ‘இன்னும் ஐம்பது நிமிஷம்தானே, படுத்துக்கொண்டால் ஆகிவிடும்’ என்று எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். படுத்தால் சர்க்கரை ஏறாது. கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ உடம்பில் வேலை செய்துகொண்டிருக்கும்போது அது இன்னும் இறங்கத்தான் செய்யும். அந்த நோன்பைப் பிறகு களாச் செய்துகொள்ளலாம். 70க்கும் 90க்கும் இடையில் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். வியர்வை, நடுக்கம், பார்வை மங்கல், பேச்சில் தடுமாற்றம் ஆகியவை வந்தால் மீட்டர் தேடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வெல்லத் தண்ணீருக்கு உரிய இடம் இதுதான். 15 கிராம் வெல்லத்தூள், அதாவது மூன்று தேக்கரண்டி, அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். கட்டி வெல்லத்தை நசுக்கிக் கரைத்துக்கொண்டிருக்க அப்போது நேரம் இருக்காது; தூளாகவே ஒரு சிறு டப்பாவில் வையுங்கள். சாதாரணச் சர்க்கரையும் அதே அளவில் அதே வேலையைச் செய்யும். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் 70க்குக் கீழே என்றால் அதே அளவு இன்னொரு முறை. ஏறியபின் கஞ்சி, அதன்பின் மற்றவை.

சமோசாவையோ வடையையோ முதலில் கொடுக்காதீர்கள். எண்ணெய் இரைப்பையிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்தும். தலை சுற்றுகிறவர் கையில் வடையைக் கொடுத்தால், வயிறு நிறையும். ரத்தத்தில் சர்க்கரை ஏறாது.

இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. வோக்ளிபோஸ் அல்லது அகார்போஸ் என்ற மாத்திரையைச் சிலர் சாப்பிடுகிறார்கள். பல கூட்டு மாத்திரைகளில் மெட்ஃபார்மினோடு சேர்ந்தும் வருகிறது. சுக்ரோஸையும் மாவையும் குடலில் உடைக்கும் நொதிகளை அது தடுத்துவிடும். ஆகவே அவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்தால் வெல்லமோ வெள்ளைச் சர்க்கரையோ நம்பி உதவாது. மருந்துக்கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பவுடரைத்தான் தண்ணீரில் கலக்கிக் கொடுக்க வேண்டும். உங்கள் மாத்திரை அட்டையைத் திருப்பி, அதில் இந்தப் பெயர்கள் இருக்கின்றனவா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108க்குப் போன் செய்யுங்கள்.

எண் நன்றாக இருந்தால்

90 முதல் 130 வரை இருந்தால் மிக நல்லது. 180 வரைகூட இதே வழியில் போகலாம். ஒரு சிறு பேரீச்சம்பழத்தில் நோன்பு திறங்கள். ஒற்றைப்படையில் சாப்பிடவேண்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்றும் ஒற்றைப்படைதான். பெரிய மெட்ஜூல் மட்டுமே இருந்தால் அதில் பாதி போதும். அதோடு ஒன்று அல்லது இரண்டு டம்ளர் சாதாரணத் தண்ணீர். வெல்லத் தண்ணீரின் மணம் இல்லாமல் நோன்பு திறந்த மாதிரியே இல்லை என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. பானகத்தின் மணம் பெரும்பாலும் சுக்கும் ஏலக்காயும் எலுமிச்சையும் தருவதுதான். வெல்லத்தை மட்டும் விட்டுவிட்டு, இவற்றைத் தட்டிப் போட்டு, ஒரு சிட்டிகை உப்பும் ஊறவைத்த சப்ஜா விதையும் சேர்த்துப் பாருங்கள். நீர்மோரும் நல்லது. ரோஸ் சர்பத்தும் நன்னாரி சர்பத்தும் வெல்லத் தண்ணீரைப் போலவே சர்க்கரைப் பாகு. நன்னாரி குளிர்ச்சி என்பதால் அதில் இருக்கும் சர்க்கரை மறைந்துவிடாது.

பிறகு மஃரிப் தொழப் போய்விடுங்கள். நம் வழக்கத்திலேயே இந்த இடைவெளி இருக்கிறது. சர்க்கரை உள்ளவருக்கு இது பெரிய உதவி. பத்து பதினைந்து நிமிடத்தில் தாகம் அடங்கி, பசியின் வெறி தணிந்திருக்கும். திரும்பி வந்து உட்காரும்போது கை நிதானமாகத் தட்டுக்குப் போகும்.

மாத்திரையில் இங்கே ஒரு கவனம் தேவை. கிளிமெபிரைடு வகை மாத்திரையையோ உணவுக்கு முன் போடும் இன்சுலினையோ பேரீச்சம்பழத்தோடு போட்டுவிட்டுத் தொழப் போகக் கூடாது. பள்ளிவாசலில் யாரோடாவது பேசி நின்று, சாப்பாடு ஏழு மணிக்குத் தள்ளிப்போனால், வெறும் வயிற்றில் மருந்து வேலை செய்ய ஆரம்பித்துவிடும். கஞ்சிக் கிண்ணம் கண்முன்னால் வந்தபின் போடுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த அவசரம் இல்லை.

கஞ்சியும் பொரித்தவையும்

கஞ்சியை விடச் சொல்ல எனக்கு மனமில்லை, விடவும் தேவையில்லை. பள்ளிவாசல் கஞ்சி பெரும்பாலும் பச்சரிசி நொய்யைக் குழையக் குழைய வேகவைத்தது. குழைந்த அரிசி வேகமாகச் சர்க்கரையை ஏற்றும். வாளியில் வாங்கிவந்த கஞ்சி என்றால் அரைக் கிண்ணத்தோடு நிறுத்தி, அதில் வேகவைத்த பாசிப்பருப்பை இரண்டு கரண்டி கலந்துகொள்ளுங்கள். வீட்டில் காய்ச்சினால் அரிசியும் பாசிப்பருப்பும் சரிபாதி போடலாம். வெந்தயம் வழக்கமாகப் போடுகிற அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். கைமா கொழுப்பில்லாததாக இருக்கட்டும், தேங்காய்ப்பால் நீர்த்த இரண்டாம் பாலாக இருக்கட்டும். பருப்பு கூடுவதால் கஞ்சி வழக்கத்தைவிடக் கெட்டியாகும். வெந்நீர் ஊற்றி இளக்கிக்கொள்ளலாம். இஞ்சி, பூண்டு, புதினா குறையாமல் இருந்தால் மாற்றம் நாக்குக்கு அதிகம் தெரியாது.

பொரித்தவற்றின் தந்திரம் வேறு. ‘சமோசா சாப்பிட்டேன், இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தேன், 160தான் இருந்தது, எனக்கு ஒன்றும் செய்யவில்லை’ என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எண்ணெய் மைதாவை இரைப்பையிலேயே பிடித்து வைத்திருப்பதால், எட்டரை மணிக்கு எண் அழகாகத் தெரியும். ஏற்றம் பத்தரை, பதினொன்று மணிக்கு வரும். சிலருக்கு ஸஹர் வரை இறங்காமல் நிற்கும். இன்சுலின் போடுகிறவர்களுக்கு இதுவே இரட்டைத் தொல்லை. உணவு செரிக்குமுன் இன்சுலின் உச்சத்துக்குப் போய் தராவீஹ் தொழுகையில் சர்க்கரை தாழும். பிறகு நள்ளிரவில் உயரும். தராவீஹுக்குப் போகும்போது சட்டைப் பையில் குளுக்கோஸ் பாக்கெட் ஒன்று இருக்கவேண்டும்.

ஆகவே பொரித்தது ஒன்று மட்டும், கஞ்சிக்கும் சுண்டலுக்கும் பிறகு. தேர்ந்தெடுப்பதானால் மைதாச் சமோசாவைவிடப் பருப்பு வடை மேல். உளுந்து வடையும் பரவாயில்லை. வாழைக்காய் பஜ்ஜியும் உருளைக்கிழங்கு போண்டாவும் மாவுக்குள் மாவு. பருப்பு வடை மாவைத் தட்டையாகத் தட்டி, குழிப்பணியாரச் சட்டியில் சில சொட்டு எண்ணெயில் சுட்டால் மொறுமொறுப்பு கொஞ்சம் குறையும், வடைதான்.

மேலே சொன்ன 58 வயதுக்காரரின் தட்டை இப்போது மாற்றி வைத்துப் பார்ப்போம். ஒரு சிறு பேரீச்சம்பழம், 6 கிராம். சுக்கு எலுமிச்சைத் தண்ணீர், ஒன்றுமில்லை. பருப்பு கூடிய கஞ்சி அரைக் கிண்ணம், 15. அரைக் கப் கொண்டைக்கடலைச் சுண்டல், 20. அவித்த முட்டை ஒன்று, அல்லது கல்லில் சுட்ட மீன் ஒரு துண்டு. இவற்றில் மாவுச்சத்து இல்லை என்றே சொல்லலாம். பருப்பு வடை ஒன்று, 12. மொத்தம் 53 கிராம். முந்தைய தட்டில் மூன்றில் ஒரு பங்குதான். தராவீஹுக்குப் பிறகு காய்கறியோடு இரண்டு சப்பாத்தியோ தோசையோ சாப்பிட இதில் இடம் இருக்கிறது. பழைய தட்டுக்குப் பின் அந்த இடம் இல்லை. ஆனாலும் எல்லோரும் சாப்பிடுகிறார்கள்.

எண் ஏற்கெனவே உயர்ந்திருந்தால்

பகல் முழுவதும் சாப்பிடாமலே 200க்கு மேல் இருந்தால் தண்ணீரில் நோன்பு திறங்கள். பழம் கிடைக்காதவருக்குத் தண்ணீரும் நபிவழியில் இடம்பெற்றதுதான். பழத்தைத் தொடாமல் இருக்க மனம் ஒப்பவில்லை என்றால் ஒரு கடி போதும். அன்று கஞ்சிக்கு முன் சுண்டலும் முட்டையும் சாப்பிட்டு, பொரித்ததை விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து இப்படி இருந்தால் மருந்து நேர மாற்றம் ஒத்துவரவில்லை என்று பொருள், மருத்துவரை அழையுங்கள்.

300ஐத் தாண்டினால் எந்த நேரமாக இருந்தாலும் நோன்பைத் திறந்து, தண்ணீர் குடித்து, மருத்துவரிடம் பேசுங்கள். வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு சேர்ந்திருந்தால் மருத்துவமனைக்குப் போவதே சரி.

இரவின் மீதி

சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் ஒருமுறை, பொரித்தது சாப்பிட்ட நாளில் தூங்கப்போகுமுன் இன்னொரு முறை பாருங்கள். முதல் வாரத்தில் இந்த எண்களை அன்றைய தட்டோடு சேர்த்து எழுதி வைத்தால், உங்களை எது ஏற்றுகிறது என்பது உங்களுக்கே பிடிபடும். ஒருவருக்குக் கஞ்சி ஏற்றும், இன்னொருவருக்குப் பழம். தண்ணீரை இஃப்தாரிலேயே மொத்தமாகக் குடித்து வயிற்றை நிரப்பாமல், ஸஹர் வரை கொஞ்சம் கொஞ்சமாக எட்டு டம்ளர் வரை குடிக்கலாம். சிறுநீரகமோ இதயமோ பாதிக்கப்பட்டவர்கள் மருத்துவர் சொன்ன அளவோடு நிற்க வேண்டும். ஸஹரைத் தூங்கிக் கழிக்காதீர்கள்; முடிந்தவரை கடைசி நேரத்தில் சாப்பிடுங்கள். ஸஹர் தவறினால் அடுத்த நாள் மாலை 70க்குக் கீழே போகும் வாய்ப்பு கூடிவிடும்.

பெருநாள் அன்று காலையிலிருந்து மாத்திரை நேரம் பழையபடி மாறுகிறது. ரமலானில் இஃப்தாருக்கு நகர்ந்த மாத்திரை திரும்பவும் காலைக்கு வரும்; குறைத்த அளவு பழைய அளவுக்கு வரும். அன்றைக்கும் இரவில்தான் போடவேண்டும் என்று நினைத்துப் பிரியாணியும் சேமியாவும் மாத்திரையில்லாமல் சாப்பிட்டுவிடுகிறவர்கள் உண்டு. மருத்துவர் முதலில் எழுதித்தந்த தாளிலேயே பெருநாள் காலைக்கான வரியையும் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.